பழைய சி.டி. கன்சோலும் புதிய சுவிட்சும்: மருத்துவமனை ஐ.டி. நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனைகளில் சுவிட்ச் மாற்றும் வேலையில் இருக்கும் ஐ.டி. பிரிவு நண்பர்களுக்கு,



பழைய 10/100 சுவிட்சைக் கழற்றிவிட்டுப் புது கிகாபிட் சுவிட்ச் மாட்டிய மறுநாள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பில்லிங் கவுன்டர் வேகமாகிவிட்டது, லேப் ரிப்போர்ட் சட்டென்று திறக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். சி.டி. ஸ்கேன் அறையிலிருந்து மட்டும் போன் வருகிறது: "படம் போகவே மாட்டேங்குது சார்." நீங்கள் போய் பேட்ச் கார்டை மாற்றுகிறீர்கள். கனெக்டரை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்கிறீர்கள். வேறு போர்ட்டில் குத்திப் பார்க்கிறீர்கள். ஒன்றும் மாறவில்லை. மெஷின் கம்பெனியின் சர்வீஸ் என்ஜினீயர் வருகிறார், பிங் அடிக்கிறார், டைகாம் எக்கோ அனுப்புகிறார், இரண்டும் பாஸ். "எங்க சைடு ஓகே, நெட்வொர்க்தான் பிரச்சினை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். நீங்கள் "மெஷின் பழசு" என்று எழுதுகிறீர்கள். நடுவில் ரேடியாலஜி டாக்டர் படத்துக்காகக் காத்திருக்கிறார்.

இந்த இடத்தில் பல சமயம் கேபிளிலும் குற்றமில்லை, மெஷினிலும் குற்றமில்லை, சுவிட்சிலும் குற்றமில்லை. கேபிளின் ஒரு முனை ஃபுல் டூப்ளெக்ஸில் நிற்கிறது, மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸில் நிற்கிறது. அவ்வளவுதான். அதை ஒரே ஒரு கமாண்டில் பார்த்துவிடலாம் என்பதால்தான் இந்த மடல்.

நான் பார்த்த ஒரு கேஸைச் சொல்கிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அங்கே சி.டி. கன்சோல் சோலாரிஸ் ஓடும் பழைய சன் ஒர்க்ஸ்டேஷன். மார்பு ஸ்கேன் ஒன்றில் மெல்லிய ஸ்லைஸாக எடுத்தால் 400 படம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படம் 512 × 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட். அதாவது அரை எம்.பி. 400 படமும் சேர்ந்து ஏறக்குறைய 210 எம்.பி. நூறு மெகாபிட் லிங்க்கில், கணக்குப்படி இருபது விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். பழைய டிஸ்க், ஒவ்வொரு படத்துக்கும் சர்வர் பதில் சொல்லும் வரை காத்திருக்கும் டைகாம் வழக்கம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒன்றிரண்டு நிமிடம்தான். பழைய சுவிட்சில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. புதுச் சுவிட்சில் அரை மணிக்கும் மேல் ஆனது. சில ஸ்டடி பாதியில் அறுந்துபோய், டெக்னீஷியன் மறுபடி முதலிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

சுவிட்சில் நுழைந்து `show interfaces status` கொடுத்தபோது கிடைத்த வரி இது:

```
Port      Name  Status     Vlan  Duplex  Speed  Type
Gi1/0/14  CT    connected  30    a-half  a-100  10/100/1000BaseTX
```

முன்னால் நிற்கும் அந்த `a-` எழுத்துக்கு, "இதை யாரும் அமைக்கவில்லை, ஆட்டோவில் நானே கண்டுபிடித்தேன்" என்று பொருள். 100 மெகாபிட் என்று சுவிட்ச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் ஹாஃப் என்றும் முடிவு செய்துகொண்டது. எதிர்முனையில் இருந்த சன் ஒர்க்ஸ்டேஷனோ 100 ஃபுல் என்று கட்டிப்போடப்பட்டிருந்தது. அதன் `/etc/system` ஃபைலில் `set hme:hme_adv_autoneg_cap=0` என்ற வரி பல வருடமாக உட்கார்ந்திருந்தது. ஆட்டோ நெகோஷியேஷனே வேண்டாம் என்பது அதன் பொருள்.

சுவிட்ச் ஏன் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் கண்டுபிடித்தது என்ற கேள்விக்கான விடையில்தான் இந்தக் கோளாறின் வேர் இருக்கிறது. 1995-இல் வந்த 802.3u தரத்தில் ஆட்டோ நெகோஷியேஷன் சேர்ந்தது. இரு முனைகளும் சின்னச் சின்னத் துடிப்புகளைக் கூட்டமாக அனுப்பி, "என்னால் 10 முடியும், 100 முடியும், ஃபுல் முடியும்" என்று சொல்லிக்கொள்ளும். இருவருக்கும் பொதுவானதில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும். ஒரு முனையைக் கையால் 100 ஃபுல் என்று கட்டிவிட்டால், அந்தக் கருவி வழக்கமாக இந்தத் துடிப்புகளை அனுப்புவதையே நிறுத்திவிடும். அப்போது ஆட்டோவில் இருக்கும் எதிர்முனை என்ன செய்யும்? கம்பியில் வரும் சிக்னலின் வடிவத்தைப் பார்க்கும். 10 மெகாபிட்டின் சிக்னலும் 100 மெகாபிட்டின் சிக்னலும் வேறுவேறு என்பதால் வேகம் தெரிந்துவிடும். டூப்ளெக்ஸ் என்பது சிக்னலில் எங்கும் தெரியாது. தெரியாதபோது ஹாஃப் என்று வைத்துக்கொள் என்பதுதான் தரம் விதித்த விதி. எதிரே இருப்பது பழைய ஹப்பாக இருந்தால் அதுதான் பாதுகாப்பு. ஆகவே உங்கள் சுவிட்ச் விதிப்படிதான் நடந்திருக்கிறது. அதைத் திட்டிப் பயனில்லை.

அன்று கன்சோலை நிறுவிய கம்பெனி என்ஜினீயர் ஏன் 100 ஃபுல் என்று கட்டினார் என்றும் கேட்பீர்கள். அப்போதைய ஆட்டோ நெகோஷியேஷன் பல கார்டுகளில் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆகவே சர்வரையும் முக்கியமான கருவிகளையும் இருபக்கமும் கையால் கட்டிவிடுவதே அந்தக் காலத்தில் நல்ல வழக்கம். அவர் கன்சோலைக் கட்டினார். உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் பழைய சுவிட்சின் போர்ட்டையும் கட்டியிருந்தார். இருபக்கமும் பொருந்தியதால் வருடக்கணக்கில் ஒரு சிக்கலும் இல்லை. நீங்கள் மாட்டிய புதுச் சுவிட்சில் எல்லா போர்ட்டும் ஆட்டோ. ஒரு பக்கத்துக் கட்டு மட்டும் அவிழ்ந்துவிட்டது.

இனி கம்பியில் நடப்பதைப் பார்ப்போம். ஹாஃப் டூப்ளெக்ஸ் முனை போலீஸ் வயர்லெஸ் மாதிரி நடந்துகொள்ளும்: எதிராளி பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்துதான் வாயைத் திறக்கும். தான் பேசும்போது எதிரிலிருந்து ஏதாவது வந்தால் அதை மோதல் என்று கொண்டு, நிறுத்திவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி முயலும். ஃபுல் டூப்ளெக்ஸ் முனைக்கு இந்த மரியாதை எதுவும் தெரியாது. அனுப்பவும் வாங்கவும் தனித்தனிப் பாதை இருக்கிறது என்ற நம்பிக்கையில், தோன்றியபோது அனுப்பிக்கொண்டே இருக்கும்.

கன்சோல் படம் அனுப்புகிறது. அரை எம்.பி. படம் ஒன்று ஏறக்குறைய 360 ஃபிரேமாக உடைந்து போகும். வழக்கமாக இரண்டு ஃபிரேமுக்கு ஒன்று என்ற கணக்கில் சர்வரிடமிருந்து "வந்து சேர்ந்தது" என்ற சிறிய டி.சி.பி. ஒப்புதல் திரும்ப வேண்டும். ஒரு படத்துக்குச் சுமார் 180 ஒப்புதல். அவற்றைக் கன்சோலுக்கு அனுப்ப வேண்டியது ஹாஃப் நிலையில் நிற்கும் சுவிட்ச் போர்ட். கன்சோல் ஒரு ஃபிரேமை முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்குள் ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவான இடைவெளிதான் இருக்கும். அந்த இடைவெளியைப் பார்த்துச் சுவிட்ச் வாயைத் திறக்கிறது. கன்சோலும் அடுத்த ஃபிரேமைத் தொடங்கிவிடுகிறது. சுவிட்ச் மோதல் என்று நிறுத்துகிறது. ஒப்புதல் துண்டாகிப் போகிறது. அதே நேரத்தில் வந்த படத்தின் ஃபிரேமையும் சுவிட்ச் குப்பையாக எறிந்துவிடுகிறது. கன்சோலுக்கு இது தெரியவே தெரியாது. தன் ஃபிரேம் நல்லபடியாகப் போய்விட்டது என்றே எண்ணிக்கொண்டிருக்கும்.

தொலைந்த ஃபிரேமை மீட்கும் வேலை டி.சி.பி.யின் தலையில் விழுகிறது. ஒரே ஒப்புதல் திரும்பத் திரும்ப வந்தால் அது உடனே மறுபடி அனுப்பிவிடும். ஆனால் ஒப்புதல்களும் தொலைந்துபோகும் இந்த லிங்க்கில் பல சமயம் மிஞ்சுவது ஒரு வழிதான்: ஒப்புதல் வராவிட்டால் சற்றுக் காத்திருந்து மறுபடி அனுப்புவது. அந்தக் காத்திருப்பு ஒரு விநாடி என்று எடுத்துக்கொள்வோம். அரை எம்.பி. படம் தடையில்லாமல் போக ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட வேண்டாம். ஆக ஒரே ஒரு காத்திருப்பு, இருபது படத்துக்கான நேரத்தைத் தின்றுவிடுகிறது. ஒரு படத்துக்கு ஐந்து முறை இப்படி நின்றால் 400 படத்துக்கு 2,000 விநாடி, அதாவது முப்பத்துமூன்று நிமிடம். முன்பு சொன்ன அரை மணி நேரம் இங்கிருந்துதான் வருகிறது. லிங்க் 100 மெகாபிட்டில்தான் நிற்கிறது. பெரும்பாலான நேரம் அதில் எதுவுமே ஓடவில்லை.

பிங் ஏன் பாஸ் ஆகிறது என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். ஒரு சின்னக் கேள்வி போகிறது, ஒரு சின்னப் பதில் வருகிறது, பிறகு ஒரு விநாடி அமைதி. இருவரும் ஒரே நேரத்தில் பேசும் சந்தர்ப்பமே வராது. டைகாம் எக்கோவும் அப்படித்தான். சில சிறு செய்திகள் மாறி மாறிப் போய் வருகின்றன, அவ்வளவே. டூப்ளெக்ஸ் பொருந்தாத லிங்க்கில் இந்த இரண்டு சோதனையும் பாஸ் ஆகத்தான் செய்யும். சர்வீஸ் என்ஜினீயரின் ரிப்போர்ட்டில் பொய் எதுவும் இல்லை. அவர் சோதித்தது நோய் இல்லாத இடத்தை.

அதனால் சோதனை சுமையோடு நடக்க வேண்டும். போர்ட்டின் கவுன்டர்களை `clear counters` கொடுத்துப் பூஜ்யமாக்குங்கள். டெக்னீஷியனிடம் சொல்லி ஒரு முழு ஸ்டடியை அனுப்பச் சொல்லுங்கள். பிறகு `show interfaces Gi1/0/14 counters errors` பாருங்கள். அப்போது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஹாஃப் பக்கத்தில் நின்றால் மோதல் எண்ணிக்கை ஏறும். ஃபுல் பக்கத்தில் நின்றால் மோதல் என்ற பேச்சே இருக்காது; `FCS-Err`, `Runts` இரண்டும் ஏறும். எதிராளி பாதியில் நிறுத்திய துண்டு ஃபிரேம்கள்தான் அங்கே எழுத்துப்பிழையாகத் தெரிகின்றன. இந்த எழுத்துப்பிழையைப் பார்த்துத்தான் பலர் கேபிளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஹாஃப் பக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. `Late-Col` என்ற கவுன்டர்தான் இந்த நோயின் முத்திரை என்று படித்திருப்பீர்கள். சரிதான். ஒழுங்கான ஹாஃப் டூப்ளெக்ஸ் நெட்வொர்க்கில் மோதல் நடந்தால் ஃபிரேமின் முதல் 64 பைட்டுக்குள் நடந்துவிட வேண்டும். 100 மெகாபிட்டில் அது ஐந்து மைக்ரோ விநாடி. அதற்குப் பிறகு மோதினால் தாமத மோதல். ஆனால் கன்சோல் படம் அனுப்பும்போது சுவிட்ச் அந்தப் பக்கம் அனுப்புவது பெரும்பாலும் சின்ன ஒப்புதல்கள். அவை அந்த ஐந்து மைக்ரோ விநாடியை ஒட்டியே முடிந்துவிடுகின்றன. தாமதமாக மோத அவற்றுக்கு நீளமே இல்லை. ஆகவே `Late-Col` கிட்டத்தட்டப் பூஜ்யமாகவே நிற்கும், சாதாரண மோதல் மட்டும் ஏறும். அதைப் பார்த்து "ஹாஃப் என்றால் மோதல் சகஜம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். டெக்னீஷியனிடம் நோயாளியின் பழைய ஸ்டடி ஒன்றை சர்வரிலிருந்து கன்சோலுக்கு இழுக்கச் சொல்லுங்கள். இப்போது பெரிய ஃபிரேமை அனுப்புவது சுவிட்ச். ஒரு முழு ஃபிரேம் 120 மைக்ரோ விநாடி கம்பியில் நிற்கும். அதில் முதல் ஐந்தைத் தவிர மீதி முழுதும் தாமத மோதலுக்குத் திறந்த வாசல். கன்சோல் தன் ஒப்புதலைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும். `Late-Col` கண்ணெதிரே ஏறும். பல கருவிகள் தாமத மோதலில் போன ஃபிரேமைத் தாமாக மறுபடி அனுப்புவதும் இல்லை என்பதால், இழுக்கும் வேகம் அனுப்பும் வேகத்தைவிடவும் படுத்துவிடலாம்.

கேபிள் கோளாறோடு இதைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி: கேபிள் கெட்டிருந்தால் ஒரே திசையில் மட்டும் போக்குவரத்து இருந்தாலும் பிழை வரும், ஆளில்லாத இரவிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். டூப்ளெக்ஸ் பொருந்தாமை சுமையோடு பிறந்து சுமையோடு அடங்கும்.

வேகம் பொருந்தாதது வேறு கதை. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு முனையை 10 என்றும் மறுமுனையை 100 என்றும் கட்டிவிட்டால் லிங்க் உயிர் பெறாது, அல்லது ஒரு பக்க விளக்கு மட்டும் எரியும். யாரும் ஏமாறுவதில்லை, ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். வேலை செய்துகொண்டே கெடுப்பது டூப்ளெக்ஸ்தான்.

ஒரு கைவைத்தியத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். கன்சோலுக்கும் சுவருக்கும் நடுவே மேசைக்கு அடியில் ஒரு எட்டு போர்ட் குட்டிச் சுவிட்சை வைத்துவிடுவது. தயவுசெய்து வேண்டாம். அந்தக் குட்டிச் சுவிட்சின் போர்ட்டும் ஆட்டோதான். கன்சோலைப் பார்த்து அதுவும் ஹாஃப் என்றே முடிவு செய்யும். கோளாறு அப்படியே மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். உங்கள் பெரிய சுவிட்சில் அந்த போர்ட் 1000 ஃபுல் என்று பளிச்சென்று காட்டும், ஒரு பிழையும் இருக்காது. குட்டிச் சுவிட்சில் நுழைந்து பார்க்க வழியே இல்லை. அடுத்து வருபவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை தர முடியாது.

சரிசெய்ய இரண்டு வழிதான். கன்சோலை ஆட்டோவுக்கு மாற்றலாம்; கார்டு அதற்குத் தகுதியானது என்றால் இதுவே நல்லது. ஆனால் மருத்துவக் கருவியின் செட்டிங்கில் நீங்கள் கைவைக்கக் கூடாது. கம்பெனி என்ஜினீயர்தான் செய்ய வேண்டும், அவரும் எழுத்தில் தர வேண்டும். அவர் மறுத்தாலோ, கார்டு ஒத்துழைக்காவிட்டாலோ, உங்கள் போர்ட்டைக் கட்டுங்கள்:

```
interface GigabitEthernet1/0/14
 description CT - vendor fixed 100/full
 speed 100
 duplex full
```

வேகத்தை முதலில் கொடுத்துவிட்டு டூப்ளெக்ஸைக் கொடுங்கள். இதைச் செய்யும்போது லிங்க் ஒருமுறை விழுந்து எழும். அந்த போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் இல்லையென்றால் ஸ்பானிங் ட்ரீ இன்னொரு முப்பது விநாடி காக்க வைக்கும். டேபிளில் நோயாளி இருக்கும்போது செய்யாதீர்கள். கட்டிய பிறகு லிங்க்கே வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சில சுவிட்சுகளில் வேகத்தைக் கட்டினால், நேர் கேபிளா குறுக்குக் கேபிளா என்று தானே பார்த்து மாற்றிக்கொள்ளும் வசதியும் சேர்ந்து அணைந்துவிடும். சரியான கேபிளை நீங்களே போட வேண்டும்.

நான் பார்த்த அந்த இடத்தில் கம்பெனி மாற்ற ஒப்பவில்லை, போர்ட்டைத்தான் கட்டினார்கள். கவுன்டரைப் பூஜ்யமாக்கி முழு ஸ்டடியை அனுப்பியபோது எல்லாப் பத்தியும் பூஜ்யத்திலேயே நின்றது. படங்கள் பழைய வேகத்தில் போயின.

அந்த `description` வரியை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சில வருடம் கழித்து அந்த சி.டி.யை எடுத்துவிட்டுப் புது மெஷின் வரும். அதன் கார்டு ஆட்டோவில் இருக்கும். உங்கள் போர்ட் 100 ஃபுல் என்று கட்டியபடியே நிற்கும். இந்த முறை ஹாஃபுக்கு விழப்போவது மெஷின். சுவிட்சில் `show interfaces status` கொடுத்தால் `full`, `100` என்று காட்டும். `a-half` என்ற அடையாளமே இருக்காது, எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தெரியும். `FCS-Err` மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். கிகாபிட்டில் ஓட வேண்டிய புது மெஷின் 100-இல் நொண்டிக்கொண்டிருக்கும். ஒரு போர்ட்டில் `a-` இல்லாமல் வெறும் எண் தெரிந்தால், எதிரே இருப்பது யார், அதுவும் கட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருமுனையும் சிஸ்கோவாக இருந்தால் சி.டி.பி. நெறிமுறை `%CDP-4-DUPLEX_MISMATCH` என்று லாகில் கத்திவிடும். ஸ்கேன் மெஷின் சி.டி.பி. பேசாது, அதனால் இங்கே யாரும் கத்தமாட்டார்கள்.

புதிதாக வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். 2.5 கிகாபிட்டும் அதற்கு மேலும் போகும் மல்டிகிகாபிட் போர்ட்டுகள் சிலவற்றில் 10 மெகாபிட் இல்லை, ஹாஃப் டூப்ளெக்ஸும் இல்லை. பழைய எக்ஸ்ரே பிரின்டர், வருகைப் பதிவுக் கருவி, ஏ.சி. கன்ட்ரோலர் என்று 10 ஹாஃப் மட்டுமே பேசத் தெரிந்த கிழங்கள் எல்லா மருத்துவமனையிலும் ஒன்றிரண்டு இருக்கும். அவற்றுக்காக ஸ்டாக்கில் ஒரு சாதாரண 10/100/1000 சுவிட்சாவது இருக்கட்டும். ஆர்டர் போடும் முன் டேட்டா ஷீட்டைத் திறந்து, போர்ட் எந்தெந்த வேகத்தில் எந்த டூப்ளெக்ஸை ஏற்கும் என்ற அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

அடுத்த சுவிட்ச் மாற்றும் இரவுக்கு ஒரு வேண்டுகோள். பழைய சுவிட்சின் பவரை எடுப்பதற்கு முன் அதன் `show interfaces status`, `show running-config` இரண்டையும் ஒரு ஃபைலில் சேமியுங்கள். அதில் `a-` இல்லாத போர்ட்டுகளை மட்டும் தனியே எழுதி, எதிரே என்ன கருவி என்று நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். புதுச் சுவிட்சின் கான்ஃபிகில் அந்த போர்ட்டுகளை முதலில் முடியுங்கள். காலையில் ரேடியாலஜி திறப்பதற்குள் ஒரு முறை `show interfaces status | include a-half` கொடுத்துப் பாருங்கள். ஏதாவது வரி வந்தால் டெக்னீஷியன் போன் செய்யும்வரை காத்திருக்காமல் நீங்களே அந்த அறைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனை நெட்வொர்க்குகளைப் பராமரிக்கும் உங்கள் சக ஊழியன்